அறுநூறா, நானூற்றுப் பன்னிரண்டா?

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை, சிறு திருத்தங்களுடன்)



புள்ளியியல் படித்துவிட்டு அரசு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் கணக்கு பார்த்தவன் நான். "உங்க அனுபவத்திலிருந்து மாணவர்களுக்குப் பயன்படுற மாதிரி ஏதாவது பேசுங்க" என்று செயலாளர் சொன்னார். அலுவலகக் கதைகள் வேண்டாம் என்று முடிவு செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு, நம் ஊரிலேயே, என் வீட்டுத் திண்ணையில் நடந்த ஒரு விஷயத்தைச் சொல்கிறேன். அதில் வருகிற சங்கத்தின் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் சொல்லப் போவதில்லை. தப்பு எப்படி நடந்தது என்பதுதான் நமக்கு வேண்டும், யார் செய்தார்கள் என்பதல்ல.

என் சித்தப்பா மகன் பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டிருக்கிறான். கோர்வைப் புடவை நெய்கிறவன். இங்கே இருக்கிற பலருக்குக் கோர்வை பற்றித் தெரியும். வெளியூரிலிருந்து படிக்க வந்திருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வார்த்தை. உடலுக்கு ஒரு நிறம், இரண்டு பக்கக் கரைக்கும் வேறு நிறம் என்று இருக்கும்போது, மூன்று நாடா ஓட்டி, ஊடை இழைகளை ஒன்றோடொன்று கோத்து நெய்வதுதான் கோர்வை. ஒருவர் கை போதாது. நெய்கிறவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு கரையின் நாடாவைத் தள்ள வேண்டும். என் தம்பி வீட்டில் அந்த வேலையைச் செய்வது அவன் மனைவி. ஆகவே கோர்வைக்கு ஆர்டர் நின்றால் இரண்டு பேர் வேலை நிற்கிறது.

ஒரு நாள் சாயங்காலம் அவன் ஒரு அறிக்கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அவன் உறுப்பினராக இருக்கும் கூட்டுறவுச் சங்கம், வாடிக்கையாளர்களின் கருத்தை அறிய ஒரு தனியார் நிறுவனத்தைக் கொண்டு ஆய்வு நடத்தியிருந்தது. வழவழ தாளில், வண்ணப் படங்களோடு, பார்க்க அழகான அறிக்கை. முதல் பக்கத்துச் சுருக்கத்தில் ஒரு வரிக்கு அவன் பேனாவால் கோடு போட்டிருந்தான். "ஆய்வுக்கு உட்பட்ட 600 வாடிக்கையாளர்களில் 21 சதவீதத்தினர் மட்டுமே மீண்டும் கோர்வைப் புடவை வாங்க விரும்புகின்றனர்" என்று இருந்தது.

"அண்ணே, அடுத்த சீசனுக்குக் கோர்வை ஆர்டரைப் பாதியாக் குறைக்கப் போறாங்களாம். அடுத்த வாரம் நிர்வாகக் குழு கூட்டம். நூத்துக்கு இருபத்தொரு பேருக்குத்தான் வேணுமாம். நீங்க கொஞ்சம் பாருங்க."

நான் முதலில் அவனைச் சமாதானப்படுத்தத்தான் அறிக்கையை வாங்கினேன். ஜனங்களின் விருப்பம் மாறியிருந்தால் மாறியதுதானே, அதற்கு யார் என்ன செய்ய முடியும்? ஆனால் பழக்க தோஷம், சுருக்கத்தை விட்டுவிட்டு உள்ளே அட்டவணைகளுக்குப் போனேன். கோர்வை பற்றிய ஏழாவது கேள்வியின் அட்டவணை இப்படி இருந்தது. மீண்டும் வாங்குவேன் என்றவர்கள் 126 பேர், 21 சதவீதம். வாங்க மாட்டேன், 74 பேர், 12 சதவீதம். சொல்ல முடியாது, 52 பேர், 9 சதவீதம்.

மனதுக்குள் கூட்டிப் பார்த்தேன். 21, 12, 9 மொத்தம் 42. மூன்று பதில்களில் ஒன்றைத்தான் ஒருவர் சொல்ல முடியும். அப்படியானால் நூறு வர வேண்டும். மீதி 58 சதவீதம் எங்கே போயிற்று? ஆட்களைக் கூட்டினால் 252. அறிக்கை சொல்வது 600. மீதி 348 பேர் எங்கே?

அடுத்து இரண்டாவது கேள்வியைப் பார்த்தேன். சங்கத்தின் சேவையில் மிகவும் திருப்தி 173 பேர், திருப்தி 165 பேர், திருப்தி இல்லை 74 பேர். சதவீதம் 42, 40, 18. கூட்டினால் சரியாக நூறு. ஆனால் ஆட்களைக் கூட்டினால் 412. ஆக, ஒரே அறிக்கையில் மொத்தம் 600, 412, 252 என்று மூன்று எண்கள். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்று சொன்னால் மாணவர்கள் சிரிப்பீர்கள். ஆனால் அதுதான் உண்மை.

இங்கேதான் நான் உங்களுக்குச் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. ஒரு சதவீதத்தைப் பார்த்தால் முதலில் கேட்க வேண்டியது, இது எதை எதால் வகுத்து வந்தது என்பதுதான். அறிக்கை அதைச் சொல்லாவிட்டாலும் நாமே கண்டுபிடிக்கலாம். ஆட்களின் எண்ணிக்கையைச் சதவீதத்தால் திருப்பி வகுத்தால் அவர்கள் வகுத்த எண் கிடைத்துவிடும். 126-ஐ 0.21-ஆல் வகுத்தால் 600. பிடிபட்டது போலத் தெரிகிறது. ஆனால் அவசரப்படக் கூடாது. அச்சில் 21 என்று இருப்பது முழுமையாக்கிய எண். உண்மையில் அது 20.5-இலிருந்து 21.5-க்குள் எதுவாகவும் இருக்கலாம். அப்படியானால் வகுத்த எண் 587-இலிருந்து 614 வரை எதுவாகவும் இருக்கலாம்.

ஆகவே ஒரு வரியோடு நிற்காமல் எல்லா வரிக்கும் இதையே செய்ய வேண்டும். 74 பேர் 12 சதவீதம் என்றால் வகுத்த எண் 592-க்கும் 643-க்கும் இடையில். 52 பேர் 9 சதவீதம் என்றால் 548-க்கும் 611-க்கும் இடையில். மூன்றுக்கும் பொதுவான இடம் 592-இலிருந்து 611 வரை. 412-க்கு அங்கே இடமில்லை. 252-க்கும் இடமில்லை. 600 மட்டும் கச்சிதமாக உட்காருகிறது. இதே வேலையை இரண்டாவது கேள்விக்குச் செய்தால் 412 பொருந்துகிறது, 600 பொருந்தவில்லை. ஆக, ஒரே அறிக்கையில் ஒரு அட்டவணையை 412-ஆலும் இன்னொன்றை 600-ஆலும் வகுத்திருக்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு சின்னக் கால்குலேட்டரும் அரை மணி நேரமும்தான் ஆயிற்று. ஏன் அப்படி வகுத்தார்கள் என்பது மட்டும் தாளில் இல்லை. அதற்கு ஆளைப் பார்த்தாக வேண்டும்.

அறிக்கையின் கடைசியில் தொலைபேசி எண் இருந்தது. பேசினேன். எடுத்தது ஒரு இளைஞர், அறிக்கையைத் தயாரித்தவரே. சண்டைக்கு வருகிறேன் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "தம்பி, நான் குத்தம் சொல்ல வரலே, கணக்கைப் புரிஞ்சிக்கத்தான் கேக்கறேன்" என்றேன். இரண்டு நாள் கழித்து மடிக்கணினியோடும், பூர்த்தி செய்த படிவங்களின் கட்டுகளோடும் அவரே காஞ்சிபுரத்துக்கு வந்துவிட்டார். இந்தக் காலத்தில் அப்படி வருகிறவர்கள் குறைவு. அதை இங்கே சொல்லாமல் விட்டால் எனக்கு மனசு ஆறாது.

திண்ணையில் உட்கார்ந்து கட்டுகளைப் பிரித்தோம். படிவம் கொடுத்தது 600 பேருக்கு. காஞ்சிபுரம் விற்பனை நிலையத்தில் 400, சென்னைக் கண்காட்சியில் 200. பூர்த்தியாகித் திரும்பி வந்தது 438. அதில் 17 படிவங்கள் பாதியிலேயே நின்றுபோனவை. ஒன்பது பேர் கடையிலும் கண்காட்சியிலும் இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தார்கள், ஒரே தொலைபேசி எண்ணை வைத்துப் பிடித்தோம். இந்த 26 போக மிச்சம் 412. பயன்படுத்திய மாதிரியின் அளவு இதுதான். 600 என்பது கேட்டவர்களின் எண்ணிக்கை, 412 என்பது பதில் சொன்னவர்களின் எண்ணிக்கை. சுருக்கம் எழுதியபோது பெரிய எண் நன்றாக இருக்கிறதே என்று 600-ஐப் போட்டுவிட்டார்கள்.

சரி, 252 எங்கிருந்து வந்தது? ஏழாவது கேள்விக்கு மேலே ஆறாவது கேள்வி இருந்தது. "எங்களிடம் இதற்கு முன் கோர்வைப் புடவை வாங்கியிருக்கிறீர்களா?" ஆம் என்றவர்கள் 258, இல்லை என்றவர்கள் 154. மொத்தம் 412, கணக்கு சரி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், "ஆம் என்றால் மட்டும் அடுத்த கேள்விக்குப் பதில் எழுதவும்" என்று இருந்தது. ஏழாவது கேள்வி எல்லோருக்கும் கேட்கப்படவே இல்லை! கேட்கப்பட்ட 258 பேரில் ஆறு பேர் காலியாக விட்டிருந்தார்கள். மீதி 252. அறிக்கையில் அந்தச் சின்ன எழுத்து மட்டும் காணாமல் போயிருந்தது.

இளைஞர் கணினியைத் திறந்து அந்த அட்டவணையைக் காட்டினார். அவர் எக்செலில் போட்டிருந்த சூத்திரம் இது.

```
=B2/$B$1
```

டாலர் குறி போட்டால் கீழே எத்தனை வரிக்கு நகல் எடுத்தாலும் அந்தக் கட்டம் நகராது என்பது மாணவர்களுக்குத் தெரியும். B1 கட்டத்தில் 600 இருந்தது. இரண்டாவது கேள்வியின் தாளில் அதே கட்டத்தில் 412 இருந்தது. வேலையின் ஆரம்பத்தில் செய்த தாள் ஒன்று, படிவங்களைச் சுத்தம் செய்த பிறகு செய்த தாள் ஒன்று. இந்த அட்டவணைக்கு வேண்டியிருந்தது இதுதான்.

```
=B2/SUM(B$2:B$4)
```

மறுபடி போட்டோம். வாங்குவேன் 126, 50 சதவீதம். வாங்க மாட்டேன் 74, 29 சதவீதம். சொல்ல முடியாது 52, 21 சதவீதம். கூட்டினால் நூறு. நூற்றுக்கு இருபத்தொன்று என்றது ஐம்பது ஆகிவிட்டது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த என் தம்பி, "பாதிப் பேர் வேணும்னு சொல்றாங்களா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

அவனிடம் அப்போதே ஒன்று சொன்னேன், உங்களிடமும் சொல்கிறேன். நமக்குப் பிடித்த விடை வந்த இடத்தில்தான் அதிகமாகச் சந்தேகப்பட வேண்டும். "வாடிக்கையாளர்களில் 50 சதவீதம்" என்று எழுதினால் அதுவும் தப்பு. ஏற்கெனவே கோர்வை வாங்கியவர்களில் 50 சதவீதம் என்பதுதான் சரி. வாங்காத 154 பேரிடம் யாரும் கேட்கவே இல்லை. அவர்கள் மனதில் என்ன என்று தெரியாது. அவர்கள் எல்லோரும் வேண்டாம் என்பார்கள் என்று வைத்துக்கொண்டதற்குச் சமம் அந்த 21 சதவீதம். படிவத்தைத் திருப்பியே கொடுக்காதவர்களையும் அது வேண்டாம் பக்கத்தில் சேர்த்துவிட்டது. இன்னொன்று, 252 பேரை வைத்துச் சொல்லும் 50 சதவீதம், நல்ல முறையில் எடுத்த மாதிரியாக இருந்தால்கூட, மேலே கீழே ஆறு சதவீதம் நகரக்கூடியது.

இத்தோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். இன்னும் இரண்டு அட்டவணை இருந்தன.

நான்காவது கேள்வி, எங்களிடம் ஏன் வாங்குகிறீர்கள் என்பது. நிறமும் டிசைனும் 65 சதவீதம், ஜரிகைத் தரம் 50, சங்கத்தின் மீது நம்பிக்கை 38, விலை 36. மொத்தம் 189. "இதுவும் தப்புதானே அண்ணே?" என்றான் தம்பி. இல்லை, இது தப்பில்லை. ஒருவர் எத்தனை காரணம் வேண்டுமானாலும் சொல்லலாம் என்ற கேள்வி இது. 412 பேர் சேர்ந்து 778 காரணங்களைச் சொல்லியிருந்தார்கள். நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். 2019-ஆம் வருடம் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளி 48 நாள் தரிசனம் தந்தாரே, அப்போது வரிசையில் போனவர்களை எண்ணினால் கிடைப்பது தரிசனங்களின் எண்ணிக்கை. மூன்று தடவை போய் வந்தவர் அங்கே மூன்றாக எண்ணப்படுவார். ஆட்களின் எண்ணிக்கை அதைவிடக் குறைவு. பதில்கள் வேறு, பதில் சொன்னவர்கள் வேறு. அட்டவணைக்கு அடியில் "ஒருவர் ஒன்றுக்கு மேற்பட்ட பதில் கூறலாம்" என்று ஒரு வரி போட்டிருந்தால் யாரும் குழம்பியிருக்க மாட்டார்கள்.

ஒன்பதாவது கேள்விதான் என்னை உண்மையில் திணறடித்தது. கல்யாணத்துக்காக வாங்கினேன் என்றவர்கள் 231 பேர், 51 சதவீதம். மற்ற காரியத்துக்கு 181 பேர், 49 சதவீதம். ஆட்கள் 412, சதவீதம் நூறு; பார்வைக்கு எல்லாம் சரி. ஆனால் 231-ஐ 412-ஆல் வகுத்தால் 56 வருகிறது, 51 அல்ல. திருப்பி வகுத்துப் பார்த்தேன். முதல் வரிக்கு வகுத்த எண் 449-இலிருந்து 457-க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது வரிக்கு 366-இலிருந்து 373-க்குள். இரண்டுக்கும் பொதுவான எண்ணே இல்லை! ஒரே அட்டவணையில் ஒரு வரிக்கு ஒரு எண், அடுத்த வரிக்கு வேறு எண் என்று தப்பாக வகுத்திருந்தால் சதவீதம் இப்படிச் சரியாக நூறு வருவது அரிது. எந்த ஒரு எண்ணும் எல்லா வரிக்கும் பொருந்தவில்லை என்றால், ஆட்களின் எண்ணிக்கை ஒரு கணக்கிலிருந்தும் சதவீதம் வேறு கணக்கிலிருந்தும் வந்திருக்கக்கூடும். பெரும்பாலும் அதன் பெயர் எடையிடுதல்.

கேட்டேன். "ஆமா சார், அந்த அத்தியாயத்தை எங்க சீனியர் செஞ்சார், வெயிட் போட்டார்" என்றார் இளைஞர். விஷயம் இதுதான். 412 பேரில் காஞ்சிபுரம் கடையில் எழுதியவர்கள் 300, சென்னையில் எழுதியவர்கள் 112. ஆனால் அந்த வருடத்து பில்களை எண்ணினால் இரண்டு இடத்திலும் பாதிப் பாதி விற்பனை. அப்படியிருக்க, காஞ்சிபுரத்து ஆட்களின் குரல் மூன்று பங்காகவும் சென்னையின் குரல் ஒரு பங்காகவும் கேட்பது நியாயமில்லை என்று, இரண்டுக்கும் சம எடை கொடுத்திருக்கிறார். காஞ்சிபுரத்தில் 300-இல் 186 பேர் கல்யாணத்துக்கு வாங்கினார்கள், 62 சதவீதம். சென்னையில் 112-இல் 45 பேர், சுமார் 40 சதவீதம். இரண்டின் சராசரி 51. அந்த முறை சரியானதே. ஆனால் எண்ணிக்கையை எடையில்லாமலும் சதவீதத்தை எடையோடும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் விட்டதுதான் பிழை. மற்ற அட்டவணைகளுக்கு எடையே போடவில்லை என்பது இன்னொரு பிழை.

கடைசியாக ஒரு எல்லையைச் சொல்லிவிடுகிறேன். திருப்பி வகுக்கும் இந்த வித்தை அறிக்கைக்குள் இருக்கும் முரணைத்தான் பிடிக்கும். எல்லா எண்ணும் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தி, முடிவு மட்டும் தப்பாக இருக்கவும் வழியுண்டு. 1936-இல் அமெரிக்காவில் லிட்டரரி டைஜஸ்ட் என்ற பத்திரிகை ஒரு கோடிக்கு மேல் மாதிரி வாக்குச்சீட்டுகளை அஞ்சலில் அனுப்பியது. திரும்பி வந்தவை 23 லட்சத்துக்கு மேல். லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் 48 மாநிலங்களில் 46-ஐப் பிடித்தார். தொலைபேசிப் புத்தகத்திலும் கார் வைத்திருப்பவர்கள் பட்டியலிலும் இருந்தவர்களுக்கே பெரும்பாலும் சீட்டு போனது. அவர்களிலும் ஒரு பகுதியினர்தான் பதில் எழுதினார்கள். கூட்டல் கழித்தலில் பிழை இல்லை, பதில் எழுதாதவர்கள் வேறு மாதிரி நினைத்தார்கள், அவ்வளவுதான். நம் விஷயத்திலும் கடையில் கொடுத்த 400-இல் 316 படிவம் திரும்பியது, சென்னையில் 200-இல் 122 மட்டுமே. படிவத்தை மேசையிலேயே வைத்துவிட்டுப் போன அந்த 78 சென்னைக்காரர்கள் கோர்வையைப் பற்றி என்ன நினைத்தார்கள் என்பதை எந்தக் கால்குலேட்டரும் சொல்லாது.

இதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, இளைஞரும் கையெழுத்துப் போட்டு, கூட்டத்துக்கு முதல் நாள் சங்கத்தில் கொடுத்தோம். கோர்வையைக் குறைக்காதீர்கள் என்று நான் எழுதவில்லை. அது என் வேலையல்ல. அந்த 21 சதவீதத்தை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது என்றும், வாங்கியவர்களில் 29 சதவீதம் மீண்டும் வாங்க மாட்டோம் என்பது கவனிக்க வேண்டியது, காரணம் கேட்க வேண்டும் என்றும் எழுதினேன். குழு முடிவைத் தள்ளிவைத்தது. அந்த சீசனுக்குப் பழைய அளவிலேயே ஆர்டர் கொடுத்தார்கள். திருத்திய அறிக்கையில் ஒவ்வொரு அட்டவணைக்கு அடியிலும் ஒரு வரி சேர்ந்தது. ஏழாவது அட்டவணைக்கு அடியில் இப்படி: "பதில் கூறியோர் 252, கோர்வைப் புடவை வாங்கியவர்கள் மட்டும், எடையிடப்படவில்லை."

மாணவர்களே, நாளை நீங்கள் அறிக்கை எழுதப் போகிறவர்கள். அந்த ஒரு வரியை எழுத உங்களுக்கு அரை நிமிஷம் ஆகும். அது இல்லாத அறிக்கை கையில் வந்தால், சுருக்கத்தைப் படிக்கும் முன் ஆட்களைக் கூட்டுங்கள், சதவீதத்தைக் கூட்டுங்கள், பிறகு திருப்பி வகுத்துப் பாருங்கள்.

அன்றைக்கு எல்லாம் முடிந்து இளைஞர் புறப்படும்போது, தம்பி அவரைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்த் தறியைக் காட்டினான். தறியில் பாதி நெய்த கோர்வை இருந்தது. இவன் உட்கார, அவன் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து கரை நாடாவைத் தள்ளினாள். இளைஞர் கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இதுக்கு ரெண்டு பேர் வேணும்னு எனக்குத் தெரியாது சார்" என்றார்.